அடிபட்ட அறிக்கைக்கு ஏழு தலைப்புகள்

பத்துப் பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு லேத் பட்டறையில் யாருக்காவது அடிபட்டால், அதைப் பற்றிய அறிக்கை எழுதுகிறவருக்கு ஏற்றபடி மாறும். சூப்பர்வைசர் எழுதினால் யார் மீது தவறு என்று தொடங்கும். கணக்குப் பார்ப்பவர் எழுதினால் மருத்துவமனைச் செலவில் தொடங்கும். கூட வேலை செய்தவர் எழுதினால் சத்தம் கேட்டு ஓடிவந்ததில் தொடங்கும். ஆறு மாதம் கழித்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் நேரம் இருக்காது, இன்னொன்றில் எந்த மெஷின் என்பதே இருக்காது. மூன்று விபத்தும் ஒரே டிரில்லிங் மெஷினில் நடந்தவையாக இருந்தாலும் அது கண்ணில் படாது. தலைப்புகளை முன்கூட்டியே அச்சிட்டு, எல்லோரும் அதே வரிசையில் எழுதும்படி வைத்த படிவம் இந்தக் குறையைத் தீர்க்கிறது.

இந்த முறையை மிகக் கண்டிப்பாகப் பின்பற்றும் துறை விமானப் போக்குவரத்து. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951இல் ஏற்றுக்கொண்ட பதின்மூன்றாவது இணைப்பு விமான விபத்து விசாரணைக்கானது. அதன்படி அமையும் இறுதி அறிக்கைகளில் முதலில் உண்மைத் தகவல்கள், அடுத்து பகுப்பாய்வு, பிறகு முடிவுகள், கடைசியில் பாதுகாப்புப் பரிந்துரைகள் வருகின்றன. ஏதாவதொரு தகவல் கிடைக்கவில்லை என்றாலோ அந்த விபத்துக்குப் பொருந்தவில்லை என்றாலோ, அந்தத் தலைப்பின் கீழ் அப்படியே எழுதிவிட வேண்டும். பட்டறைக்கு அவ்வளவு பெரிய அறிக்கை தேவையில்லை. ஆனால் இரண்டு பழக்கங்களை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்: நடந்ததையும் காரணத்தையும் கலக்காமல் பிரித்து எழுதுவது, எந்தத் தலைப்பையும் வெறுமனே விடாமல் இருப்பது.

தலைப்புகளைத் தேர்ந்தெடுக்க நல்ல வழி பழைய அறிக்கைகளை எடுத்து உட்காருவதுதான். ஒவ்வொன்றையும் படித்ததும் முதலாளி போன் போட்டு என்ன கேட்டார், இ.எஸ்.ஐ. வேலையைப் பார்ப்பவர் என்ன கேட்டார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்வி ஒரு தலைப்பு ஆகும். ஒரே ஒரு தடவை எழுந்த கேள்விக்குத் தலைப்பு வேண்டாம். இப்படிப் பொறுக்கினால் பெரும்பாலும் ஆறு ஏழுக்கு மேல் மிஞ்சாது, ஒரு ஏ4 தாளின் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். தலைப்பைக் கேள்வியாகவே வைப்பது நல்லது. ‘சம்பவ விவரம்’ என்று போட்டால் எழுதுகிறவர் எங்கே தொடங்குவது என்று திகைப்பார். ‘எப்படி நடந்தது?’ என்று கேட்டால் பதில் தானாக வரும்.

ஒரு பட்டறைக்குப் போதுமான வரிசை இது: எப்போது, எங்கே, எந்த மெஷினில்? ஒரே வரியில் என்ன நடந்தது? யாருக்கு, எதற்கு என்ன பாதிப்பு? உடனே என்ன செய்யப்பட்டது? எப்படி நடந்தது? ஏன் நடந்தது? இனி என்ன செய்யப்படும், யார், எந்தத் தேதிக்குள்? முதல் நான்கையும் அன்றைக்கே, யாரிடமும் விசாரிக்காமல் எழுதிவிடலாம். அவசரமாகப் படிப்பவருக்கும் அவையே போதும். ஐந்தாவதை எழுத நேரில் பார்த்தவர்களிடம் பேச வேண்டும். ஆறும் ஏழும் ஓரிரு நாள் கழித்துக்கூட நிரம்பலாம். அதனால்தான் எழுதியவர் பெயரோடு எழுதிய தேதியையும் நேரத்தையும் தனியாகக் கேட்க ஓர் இடம் விட வேண்டும். மூன்று நாள் கழித்து நினைவிலிருந்து எழுதியதை அன்றே எழுதியதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு. பிற்பகல் 3.40 மணி, இரண்டாம் டிரில்லிங் மெஷின். 3 மி.மீ. தகட்டில் 12 மி.மீ. துளை போடும்போது தகடு சுழன்று ஊழியரின் இடது உள்ளங்கையைக் கிழித்தது. முதல் மூன்று தலைப்புகளுக்கும் இவ்வளவுதான் வேண்டும். நான்காவதில், மெஷின் நிறுத்தப்பட்டது, காயத்தைத் துணியால் அழுத்திக் கட்டி 3.50க்கு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள், தகடும் பிட்டும் இருந்த நிலையிலேயே விடப்பட்டன என்று வரும். ஐந்தாவதில் நேரப்படி: காலையிலிருந்து வைஸ் முதல் மெஷினில் இருந்தது, ஊழியர் தகட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு துளை போட்டார், பிட்டின் முனை தகட்டின் அடிப்பக்கத்தைத் துளைத்து வெளிவரும் கணத்தில் தகட்டைக் கவ்வி, தன்னோடு சுழற்றியது. மெல்லிய தகட்டில் இந்தக் கவ்வல் அதிகம். பிடித்த கை எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் மோட்டாருக்கு ஈடாகாது.

ஆறாவது தலைப்பில்தான் அறிக்கைகள் வழக்கமாகக் கெட்டுப்போகின்றன. ‘ஊழியரின் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் ஏழாவது தலைப்பில் ‘கவனமாக இருக்கச் சொல்லப்பட்டது’ என்பதைத் தவிர எழுத எதுவும் இருக்காது. இப்படி ஏழாவது தலைப்பு வறண்டுபோனால், ஆறாவது சரியாக எழுதப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஊழியர் ஏன் தகட்டைக் கையால் பிடித்தார் என்று கேட்டால், வைஸ் அங்கே இல்லை என்று வரும். ஏன் இல்லை என்றால், இரண்டு மெஷினுக்கும் சேர்த்து ஒரே வைஸ்தான் இருக்கிறது. வைஸ் இல்லாமல் வேலையைத் தொடங்க யார் அனுமதித்தார்கள் என்றால், அப்படி ஒரு விதியே பட்டறையில் இல்லை. இப்போது ஏழாவதில் எழுத உருப்படியான விஷயம் இருக்கிறது: இரண்டாவது வைஸும் தகட்டை இறுக்க இரண்டு கிளாம்ப்களும் வாங்குவது, பொறுப்பு முதலாளி, வெள்ளிக்கிழமைக்குள், கையால் பிடித்துத் துளை போடக் கூடாது என்ற பலகையை மெஷின் மேல் மாட்டுவது, பொறுப்பு சூப்பர்வைசர், நாளைக்குள். கூடவே, இரண்டு வாரம் கழித்து யார் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார் என்பதற்கும் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோடு இல்லாத படிவத்தில் வெள்ளிக்கிழமை வரும், போகும், வைஸ் வராது.

காரணத்துக்கு ‘மனிதத் தவறு, இயந்திரக் கோளாறு, மற்றவை’ என்று டிக் கட்டங்கள் வைப்பது சௌகரியமாகத் தோன்றினாலும் சிறு நிறுவனத்துக்கு அது உதவாது. அவசரத்தில் முதல் கட்டமே நிரம்பும். நாலு வரி வெற்றிடம் விட்டால் நாலு வரி எழுதுவார்கள். படிவம் இரண்டு பக்கமாக வளரும்போதும் இதே கதைதான்: பிற்பகுதிக் கேள்விகளுக்கு ‘இல்லை’, ‘தெரியாது’ என்ற பதில்கள் கூடிக்கொண்டே போகும். பழைய படிவங்களைப் புரட்டி, எல்லாவற்றிலும் ‘இல்லை’ என்றே இருக்கும் தலைப்பை எடுத்துவிடலாம். பொருந்தாத தலைப்புக்கு ‘பொருந்தாது’ என்று எழுதியதும், எழுத மறந்து விட்டதும் வேறு வேறு. வெற்றிடம் இருந்தால் திருப்பிக் கொடுத்து நிரப்பச் சொல்ல வேண்டும்.

அடிபடாமல் தப்பிய சம்பவத்துக்கும் இதே தாளைப் பயன்படுத்தலாம். மூன்றாவது தலைப்பில் ‘பாதிப்பு இல்லை’ என்று வரும், மற்றவை அப்படியே. தகடு சுழன்று யார் கையிலும் படாமல் விழுந்த நாளில் எழுதப்பட்ட அறிக்கையிலும் காரணம் அதே வைஸ்தான். இ.எஸ்.ஐ.யில் பதிவான நிறுவனம் விபத்தை அதற்குரிய படிவத்தில் தனியாகத் தெரிவிக்க வேண்டியிருக்கும். இந்தத் தாள் அதற்கு மாற்று அல்ல, ஆனால் அதை நிரப்பும்போது இதிலிருந்து பார்த்து எழுதலாம்.

தலைப்புகளை அடிக்கடி மாற்றினால் ஒப்பிட முடியாமல் போகும். மாற்றம் தேவைப்பட்டால் குறித்துவைத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒரு முறை செய்து, தாளின் அடியில் ‘படிவம் 2, ஏப்ரல் முதல்’ என்பதுபோல் அச்சிட்டு, பழைய கட்டில் மிஞ்சிய தாள்களை அன்றே எடுத்துவிட வேண்டும்.