'உம்' கொட்டினால் சம்மதமா?



1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை வந்தது. அதன் பின் கொரியாக்காரர், ஜப்பானியர் வருகை என்பது நம் டிப்ளமோ மாணவர்கள் வேலைக்குப் போகும் இடங்களில் சாதாரண சங்கதி. சேர்வராயன் மலை வாழவந்தியில் பிறந்த நான், ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாக ஆலையில் பயிற்சியில் இருந்தபோது, ஜப்பானியக் குழு ஒன்றை வரவேற்கும் வேலையில் நின்றேன். அங்கே பார்த்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் விசிட்டிங் கார்டு. ஜப்பானியர் அதை இரண்டு கையாலும் நீட்டுவார்கள். நாமும் இரண்டு கையால் வாங்கி, பெயரை நின்று படிக்க வேண்டும். வாங்கியதும் பின் பாக்கெட்டில் செருகக் கூடாது. உட்கார்ந்த பிறகு, அவர்கள் அமர்ந்திருக்கும் வரிசைப்படியே மேஜையில் வைத்துக்கொண்டால் யார் யார் என்று குழப்பமே வராது. குடும்பப் பெயரோடு 'சான்' சேர்த்துக் கூப்பிடலாம். நம் பெயரோடு நாமே சேர்க்கக் கூடாது. குங்குமம் வைக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எங்க ஊர்ல விருந்தாளி வந்தா முதல்ல சொம்புத் தண்ணிதான். இவர்களுக்கு மூடி உடைக்காத பாட்டில் கொடுங்கள், வயிறு கெடுமோ என்ற பயம் இருக்காது.

அடுத்து மொழிபெயர்ப்பு. பேசுபவர் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்த, மொழிபெயர்ப்பாளர் சொல்வார். ஆகவே நாற்பது நிமிஷப் பேச்சுக்கு எண்பது நிமிஷம் ஆகும். நிகழ்ச்சி நிரலை அப்படியே போட வேண்டும். பேசுபவர் விருந்தினர் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து அல்ல. பிரஸ் ஷாப்புக்குள் போனால் இரைச்சலில் ஒன்றும் காதில் விழாது. விளக்கத்தையெல்லாம் வாசலிலேயே முடித்துவிட்டு, உள்ளே கையால் காட்டிக்கொண்டு போனால் போதும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். நாம் பேசப் பேச ஜப்பானியர் 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டுவார்கள். 'ஆமாம்' என்று அகராதியில் இருப்பதால் நம்மவர்கள் 'சரின்னுட்டாங்க' என்று எழுதிக்கொள்கிறார்கள். அது நம்ம பாட்டி கதை கேட்கும்போது 'உம்' கொட்டுவது மாதிரி: கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும்தான் அர்த்தம். சம்மதமா என்று தனியாகக் கேட்க வேண்டும். இன்னொன்று: 'டை வரவில்லையா?' என்று கேட்டு, வரவில்லை என்றால் தமிழில் 'ஆமா, வரல' என்போம். ஜப்பானிய மொழியிலும் அப்படியே. ஆனால் நடுவில் ஆங்கிலம் புகுந்தால் வெறும் 'எஸ்' என்ற பதில் இரண்டு பக்கமும் அர்த்தம் தரும். 'டை வந்ததா?' என்று நேராகக் கேட்பதே நல்லது. 'கிளைம்' என்று அவர்கள் சொன்னாலும் பதறாதீர்கள். ஜப்பானியப் பேச்சில் அதற்கு வாடிக்கையாளர் புகார் என்றே பொருள், நஷ்டஈடு கேட்பது அல்ல.

எல்லாவற்றையும்விட அதிகம் சறுக்குவது எண்ணில்தான். நாம் லட்சம், கோடி என்று எண்ணுகிறோம். ஜப்பானியரும் கொரியரும் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து 'மன்' என்பார்கள். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து மன். நம் பத்து கோடி ஜப்பானியத்தில் ஒரு 'ஓகு', கொரிய மொழியில் ஒரு 'ஒக்'.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஆண்டு உற்பத்தி 3,60,000 புஷ். லட்சத்துக்கு 40 ரிஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். உற்பத்தி அவர்கள் கணக்கில் 36 மன். ரிஜெக்ட் பத்தாயிரத்துக்கு 4, அதாவது பத்து லட்சத்துக்கு 400. ஆலைகளில் '400 பிபிஎம்' என்று சொல்வது இதைத்தான். மொழிபெயர்ப்பாளர் அவசரத்தில் லட்சத்தையே 'மன்' ஆக்கிவிட்டால், உற்பத்தி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி 36,000 ஆகிவிடும். ரிஜெக்ட்டோ பத்தாயிரத்துக்கு 40 என்று பத்து மடங்காகப் பெருகி 4000 பிபிஎம் என்று நிற்கும். நல்ல ஆலை ஒரே வாக்கியத்தில் மோசமான ஆலை ஆகிவிடும்!

தவறு நடந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? விருந்தினர் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதே கேள்வி வேறு வார்த்தையில் திரும்ப வரும். உடனே பேச்சை நிறுத்தி, எண்ணைப் பலகையில் இலக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அதிலும் 3,60,000 என்று நம் வழக்கப்படி கமா போட்டால் அவர்கள் கண் தடுமாறும்; 360,000 என்று எழுதுங்கள். முக்கியமான எண்களையும் உதிரிபாகப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி மூன்று நாள் முன்பே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிட்டால், பாதிச் சிக்கல் வாசலிலேயே தீர்ந்துவிடும்.