ஒரே ‘ஆ’, வேறு வேறு எண்கள்

1952-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கார்டன் பீட்டர்சனும் ஹரால்டு பார்னியும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண், பெண், குழந்தை என 76 பேரை ஆங்கிலச் சொற்களைப் படிக்கவைத்து, அவற்றிலுள்ள உயிரொலிகளை அளந்திருந்தார்கள். யார் சொன்னாலும் கேட்பவருக்குப் பெரும்பாலும் குழப்பமில்லை. தாளில் குறித்த எண்களோ ஒன்றோடொன்று கலந்து கிடந்தன.

அவர்கள் அளந்தது ஃபார்மண்ட் எனப்படும் அதிர்வெண்களை. குரல்நாணிலிருந்து உதடு வரையுள்ள காற்றுக்குழாய் சில அதிர்வெண்களை மட்டும் ஓங்கி ஒலிக்கச் செய்யும். பொதுவாக வாயை அகலத் திறந்தால் முதல் ஃபார்மண்ட் உயரும். நாக்கு முன்னே வந்தால் இரண்டாவது உயரும். இந்த இரண்டு எண்களையும் வரைபடத்தில் குறித்தால் ஒருவருடைய உயிரொலிகள் விரிந்திருக்கும் பரப்பு தெரியும். ஆனால் குழாய் குட்டையானால் எல்லா ஃபார்மண்ட்டும் மேலே போய்விடும். ஆணுக்கு அந்தக் குழாய் ஏறத்தாழ 17 செ.மீ.; பெண்ணுக்கு இரண்டு மூன்று செ.மீ. குறைவு, குழந்தைக்கு இன்னும் குறைவு.

அந்த ஆய்வின் சராசரிகளில் நம் ஈ, ஆ, ஊ-வுக்கு நெருக்கமான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்களின் ‘ஆ’ 730, 1090 ஹெர்ட்ஸ். பெண்களுடையது 850, 1220. ‘ஈ’ ஆண்களுக்கு 270, 2290. பெண்களுக்கு 310, 2790. ‘ஊ’ 300, 870. பெண்களுக்கு 370, 950. பெண்களின் எண்ணிலிருந்து ஒரே அளவைக் கழித்துச் சரிசெய்ய முடியாது. ஓரிடத்தில் வித்தியாசம் 40, இன்னோரிடத்தில் 500. விகிதமாகப் பார்த்தால் ஆறு எண்களும் ஏறத்தாழ 1.1 முதல் 1.2 மடங்குக்குள் அடங்கிவிடுகின்றன.

டெரன்ஸ் நியரி 1970-களில் முன்வைத்த முறை இந்த விகிதத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரு பேச்சாளரின் எல்லா ஃபார்மண்ட்டுகளுக்கும் மடக்கை எடுத்துச் சராசரி கண்டு, அதை ஒவ்வொன்றிலிருந்தும் கழிக்க வேண்டும். எண்களைப் பெருக்கல் சராசரியால் வகுப்பதும் இதுவும் ஒன்றே. மேலே உள்ள ஆறு எண்களுக்கு ஆண்களின் பெருக்கல் சராசரி 710, பெண்களுடையது 825. வகுத்துப் பாருங்கள்: ‘ஆ’வின் முதல் ஃபார்மண்ட் இருவருக்கும் 1.03. அப்படியே பொருந்திவிட்டது!

‘ஈ’யின் இரண்டாம் ஃபார்மண்ட் மட்டும் அவ்வளவு பணியவில்லை: ஆண்களுக்கு 3.22, பெண்களுக்கு 3.38. ஆணின் தொண்டைப் பகுதி வாய்ப்பகுதியைவிட அதிக விகிதத்தில் நீண்டிருப்பதால் ஒரே விகிதம் எல்லா உயிரொலிக்கும் பொருந்தாது என்று ஸ்வீடனின் குன்னர் ஃபான்ட் 1966-இலேயே எழுதிவிட்டார். போதாக்குறைக்கு, பேச்சுப் பழக்கமும் இதில் கலந்திருக்கலாம். எது உடல், எது பழக்கம் என்று இந்தக் கணக்கு பிரித்துச் சொல்லாது.

இந்த முறையில் பலர் வழுக்கி விழும் இடம் வேறு. பெண்களின் ‘ஈ’ பதிவு இரைச்சலால் கெட்டுப்போனது என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள ‘ஆ’, ‘ஊ’வை வைத்துக் கணக்கிட்டால் அவர்களின் சராசரி 825-இலிருந்து 777-க்கு இறங்கிவிடும். உடனே ‘ஆ’ 1.09 ஆகிவிடும். ‘இந்தப் பெண்கள் வாயை அதிகம் திறந்து பேசுகிறார்கள்’ என்று கட்டுரையே எழுதிவிடலாம், அவ்வளவும் பொய். ஆண்களின் ‘ஈ’யையும் எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் அந்த வேறுபாடு கரைந்துவிடும்.

அதிகம் கையாளப்படும் இன்னொரு முறை போரிஸ் லொபனோவ் 1971-இல் தந்தது. ஒவ்வொரு ஃபார்மண்ட்டிலும் அந்தப் பேச்சாளரின் சராசரியைக் கழித்து, திட்ட விலக்கத்தால் வகுப்பார்கள். 2004-இல் பட்டி அடாங்க் குழுவினர் டச்சு மொழி பேசும் 160 பேரின் பதிவுகளில் பல முறைகளைச் சோதித்தபோது, உடல் வேறுபாட்டைக் குறைத்து வட்டார வேறுபாட்டை விட்டுவைப்பதில் இதுவே முன்னே நின்றது.

ஆனால் திட்ட விலக்கத்தால் வகுத்தபின் எல்லோருடைய பரவலும் ஒன்றாகிவிடும். பார்க்கின்சன் நோயில் நாக்கின் அசைவு குறைந்து உயிரொலிகள் நடுவே நெருங்கிவரலாம். மருத்துவர் தேடுவதே அந்தச் சுருக்கத்தைத்தான். லொபனோவ் முறை அதை இழுத்து விரித்து, நலமானவரின் பரப்பைப் போலவே காட்டிவிடும். நோயாளிகளின் உயிரொலிப் பரப்பை அளக்க அதைக் கையில் எடுக்கவே கூடாது. நியரியின் முறையில் சுருக்கம் சுருக்கமாகவே நிற்கும். வட்டார வழக்கை ஆராய்பவர்கள் இரண்டில் எதையும் எடுக்கலாம். ஆனால் எல்லோரிடமும் ஒரே உயிரொலிகளைப் பதிவு செய்யுங்கள். சமப்படுத்திய எண்களோடு மூல ஹெர்ட்ஸ் எண்களையும் சேர்த்து வெளியிடுங்கள்.