இரண்டு பேரேடு, ஒரு சரக்கு

ஈரோட்டில் ஒரு மஞ்சள் வியாபாரி, சென்னையில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. ஏலத்தில் சரக்கைப் பார்த்து எடுக்கத் தெரிந்தவர் ஈரோட்டுக்காரர். சென்னைக்காரருக்கோ வாங்கும் கடைகள் கைவசம் இருக்கின்றன. ஒரே ஒரு லோடு விரலி மஞ்சளை இருவரும் சேர்ந்து வாங்கி விற்று, வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று பேசி முடிக்கிறார்கள். இதற்காகப் புதுக் கம்பெனி தொடங்குவதில்லை, தனி வங்கிக் கணக்கும் திறப்பதில்லை. அவரவர் கடையில் அவரவர் பேரேடு. ஈரோட்டில் நடந்த செலவு ஈரோட்டுப் பேரேட்டிலும், சென்னையில் நடந்த விற்பனை சென்னைப் பேரேட்டிலும் ஏறும். சரக்கு தீர்ந்ததும் யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஈரோட்டுக்காரர் 100 குவிண்டால் மஞ்சளை, குவிண்டால் 12,000 ரூபாய்க்கு வாங்குகிறார். அது 12 லட்சம். சாக்கு, ஏற்றுக்கூலி, லாரி வாடகை எல்லாம் சேர்த்து 45,000. சென்னைக்காரர் ஆரம்பத்திலேயே தன் பங்குக்கு 4 லட்சம் அனுப்பிவிட்டார். மீதிப் பணத்தை ஈரோட்டுக்காரர்தான் முடக்கியிருக்கிறார். அதனால் லாபத்தில் ஈரோட்டுக்கு மூன்று பங்கு, சென்னைக்கு இரண்டு பங்கு என்று பேச்சு. விற்பனையில் 2 சதவீதம் சென்னைக்காரருக்குக் கமிஷன்.

சென்னையில் இறக்குக்கூலிக்கும் கிடங்கு வாடகைக்கும் 25,900 செலவாகிறது. 90 குவிண்டால், 14,500 வீதம் விற்று 13,05,000 வருகிறது. அதற்குக் கமிஷன் 26,100. இரண்டு குவிண்டால் காய்ந்து எடை குறைந்து போய்விட்டது. மிச்சம் எட்டு குவிண்டாலைச் சென்னைக்காரர் தன் கடைக்கே எடுத்துக்கொள்கிறார். இங்கேதான் முதல் சச்சரவு வரும். எந்த விலைக்கு எடுப்பது? வாங்கிய விலைக்கு எடுத்தால், அந்த எட்டு குவிண்டாலின் லாபம் முழுவதும் அவர் கடைக்குப் போய்விடும். கூட்டாளிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. முன்கூட்டியே ஒரு விலை பேசி வைப்பதுதான் முறை. இவர்கள் 14,000 என்று பேசியிருந்தார்கள். ஆக 1,12,000 ரூபாய். காய்ந்துபோன இரண்டு குவிண்டாலுக்குத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை. மஞ்சளில் அது இயல்பான இழப்பு. விற்ற சரக்கின் லாபம் குறைவதிலேயே அது அடங்கிவிடும்.

இப்போது இரு பேரேடுகளையும் பாருங்கள். ஒவ்வொருவரும் மற்றவர் பெயரில் ஒரு கூட்டு வியாபாரக் கணக்கு வைத்திருக்கிறார். அதில் தான் செய்ததை மட்டும் எழுதியிருக்கிறார். ஈரோட்டுப் பேரேட்டில் விற்பனையே இல்லை. சென்னைப் பேரேட்டில் கொள்முதலே இல்லை. ஆகவே எந்த ஒரு பேரேட்டைப் பார்த்தும் லாபம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. இருவரும் தங்கள் கணக்கின் நகலை மற்றவருக்கு அனுப்ப வேண்டும். இரண்டையும் ஒரு தாளில் சேர்த்து எழுதுவதற்குக் குறிப்புக் கணக்கு என்று பெயர். அது எந்தப் பேரேட்டிலும் சேராது. லாபம் காண்பதற்கு மட்டுமே. அதில் முன்பணமாக வந்த 4 லட்சத்துக்கு இடமில்லை. கூட்டாளிகளுக்குள் கைமாறிய பணம் செலவும் அல்ல, வரவும் அல்ல. இதைக் கொண்டுபோய்க் குறிப்புக் கணக்கில் சேர்ப்பது புதிதாகக் கணக்கு எழுதுகிறவர்கள் செய்யும் தவறு.

ஒரு பக்கம் கொள்முதல், ஈரோட்டுச் செலவு, சென்னைச் செலவு, கமிஷன்: மொத்தம் 12,97,000. மறுபக்கம் விற்பனையும் கடைக்கு எடுத்த சரக்கும்: 14,17,000. லாபம் 1,20,000. ஈரோட்டுக்கு 72,000, சென்னைக்கு 48,000.

அந்தப் பங்கை இருவரும் தங்கள் பேரேட்டில் ஏற்றுகிறார்கள். ஈரோட்டுக்காரர் போட்டது 12,45,000. அதோடு லாபப் பங்கைச் சேர்த்தால் அவருக்கு வரவேண்டியது 13,17,000. முன்பே வந்த 4 லட்சம் போக பாக்கி 9,17,000. சென்னைக்காரர் தன் பக்கத்திலிருந்து பார்க்கிறார். கையில் வந்த பணமும் எடுத்த சரக்கும் 14,17,000. அதில் தன் செலவு, கமிஷன், லாபப் பங்கு, முன்பு அனுப்பிய 4 லட்சம் எல்லாவற்றையும் கழித்தால் மிஞ்சுவது அதே 9,17,000. ஒருவருக்கு வரவேண்டியதும் மற்றவர் தரவேண்டியதும் ஒத்துப்போகின்றன. பணத்தை அனுப்பியதும் இரு கணக்கும் முடிந்தன. ஒத்துப்போகவில்லை என்றால் ஒருவர் ஏற்றியதை மற்றவர் விட்டிருக்கிறார், அல்லது கமிஷனைக் குறிப்புக் கணக்கில் எழுதிவிட்டுப் பேரேட்டில் எழுத மறந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒத்துப்போவதை மட்டும் நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சென்னைக்காரர் உண்மையில் 14,500க்கு விற்றுவிட்டு 14,200 என்று எழுதினார் என்று வையுங்கள். அந்தப் பொய்த் தொகைதான் குறிப்புக் கணக்குக்கும் போகும். இரு பேரேடுகளும் அப்போதும் அச்சாக ஒத்துப்போகும். ஈரோட்டுக்காரருக்கோ கிட்டத்தட்ட 16,000 ரூபாய் நட்டம். கூட்டல் சரியா என்பதைத்தான் இந்த முறை காட்டும்; எழுதியது உண்மையா என்று காட்டாது. ஆகவே நகலோடு ரசீதுகளும் போக வேண்டும். ஈரோட்டிலிருந்து ஏலச் சீட்டு, லாரி வாடகை ரசீது. சென்னையிலிருந்து விற்பனை பில்கள், எடைச் சீட்டு. அனுப்பிய எடையிலிருந்து விற்ற எடையையும் எடுத்த எடையையும் கழித்துப் பாருங்கள். இயல்பாகக் காயும் அளவைவிட அதிகம் குறைந்திருந்தால் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

பேச்சில் விட்டுப்போனதைச் சட்டம் நிரப்பும், ஆனால் நாம் நினைத்தபடி நிரப்பாது. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், ஒரே ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகச் சேருகிறவர்களையும் கூட்டாளிகளாக ஏற்கிறது. பங்கு விகிதம் பேசவில்லை என்றால் லாபமும் நட்டமும் சரிபாதி என்கிறது. யார் எவ்வளவு பணம் போட்டார் என்று அது பார்க்காது. உழைத்ததற்குத் தனிச் சம்பளம் கேட்கவும் முடியாது, அப்படி ஒப்பந்தம் இருந்தால் தவிர. ஈரோட்டுக்காரரின் மூன்று பங்கும் சென்னைக்காரரின் 2 சதவீதமும் வாய்ப்பேச்சில் மட்டும் இருந்தால், தகராறு என்று வரும்போது இருவருமே கையில் எழுத்தில்லாமல் நிற்பார்கள். கடனுக்கு விற்ற சரக்கின் பணம் வராமல் போனால் யார் சுமப்பது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுவது நல்லது. வசூலுக்குத் தானே பொறுப்பு என்று சொல்லி விற்பவர் கூடுதல் கமிஷன் வாங்கியிருந்தால் அந்த நட்டம் அவருடையது. இல்லையென்றால் கூட்டு நட்டமாகும்.

எடுத்த காரியம் முடிந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தக் கூட்டும் கலைகிறது. ஆனால் பில்கள் அதற்குப் பிறகும் வரும். பணம் அனுப்பி இரண்டு வாரம் கழித்துக் கிடங்குக்காரர் விட்டுப்போன 5,000 ரூபாய் பில்லை நீட்டுகிறார், சென்னைக்காரர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இந்த லோடின் செலவுதான். லாபம் 1,15,000 ஆகிறது. ஈரோட்டுப் பங்கில் 3,000 குறைகிறது. அந்த 3,000 ரூபாயை ஈரோட்டுக்காரர் சென்னைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். முடித்த கணக்கை இருவரும் மீண்டும் திறந்து அதையும் ஏற்ற வேண்டும்.