பதினாலு என்றார்கள், பதினெட்டரை ஆனது

தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு ஒன்பதாயிரத்தைக் கையில் கொடுப்பார். வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியும். அதையே ஒரு நிதி நிறுவனம் ‘பிராசஸிங் ஃபீஸ்’ என்ற பெயரில் செய்தால் நாம் கவனிப்பதில்லை.

ஒரு லட்சம் ரூபாய் தனிநபர் கடன், 14 சதவீத வட்டி, 12 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 8,979 ரூபாய் கட்ட வேண்டும். கட்டணம் 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. மொத்தம் 2,360 ரூபாய். இதைக் கழித்துக்கொண்டு கணக்கில் வரவு வைப்பது 97,640தான். தவணை மட்டும் முழு ஒரு லட்சத்துக்கு.

2.36 சதவீதம்தானே, 14உடன் கூட்டினால் பதினாறரைகூட வராதே என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். அசல் மாதாமாதம் குறைகிறது; வருடம் முழுவதற்கும் சராசரி பார்த்தால் நம்மிடம் நின்ற கடன் சுமார் 55,000தான். கட்டணமோ முழு லட்சத்துக்கும் முதல் நாளே போய்விட்டது. 55,000க்கு 2,360 என்றால் நாலு சதவீதத்துக்கு மேல்.

துல்லியமாகப் பார்க்க கைபேசியிலுள்ள கூகுள் ஷீட்ஸ் போதும். ஒரு கட்டத்தில் இப்படி அடியுங்கள்:

```
=RATE(12,-8979,97640)*12
```

முதலில் மாதங்கள், அடுத்து மைனஸ் குறியோடு தவணை, கடைசியில் உண்மையில் கைக்கு வந்த தொகை. விடை 0.186 என்ற அளவில் வரும், அதாவது 18.6 சதவீதம். கடனோடு காப்பீட்டையும் தலையில் கட்டியிருந்தால், அந்த பிரீமியத்தையும் கழித்துவிட்டு மூன்றாவது எண்ணைப் போடுங்கள்.

அதே கடன் மூன்று வருடம் என்றால் 15.7, ஐந்து வருடம் என்றால் 15.1. தவணைக்காலம் நீள நீளக் கட்டணம் பரவிக் கரைகிறது. ஆக, கட்டணமே இல்லாமல் 15 சதவீதம் கேட்கிறவர், 14க்குக் கட்டணத்தோடு தருகிறவரைவிட இந்த மூன்று கணக்கிலும் மலிவு!

இதை வாடிக்கையாளரே போட்டுப் பார்க்கட்டும் என்று ரிசர்வ் வங்கி விட்டுவிடவில்லை. 2024 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கைப்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்குத் தரும் புதிய தவணைக் கடன்களுக்கு முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கடன்தாரருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். அதில் ஏ.பி.ஆர். என்ற வரியில் இருப்பதுதான் கட்டணமும் சேர்ந்த ஆண்டு விகிதம். அறிக்கையில் சொல்லாத கட்டணத்தைக் கடன்தாரரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

ஆனால் அந்த எண், கடைசித் தவணைவரை கட்டுவீர்கள் என்று வைத்துப் போட்டது. ஆறாவது தவணையோடு மீதி 51,740ஐ ஒரேயடியாக அடைத்தால், முன்கூட்டி அடைப்பதற்கு அபராதமே இல்லையென்றாலும், நமது 18.6 இருபதைத் தாண்டிவிடுகிறது. கட்டிய 2,360 திரும்பி வராது.