உதிரி உதிரியாய் ஜவ்வரிசி கிச்சடி

மகாராஷ்டிரத்தில் விரத நாள்களில் செய்யும் ஜவ்வரிசி கிச்சடி முத்து முத்தாக நிற்க வேண்டும். நம் வீடுகளில் அது பசைக் கட்டியாகிவிடுவதற்குப் பெரும்பாலும் ஊறவைக்கும் தண்ணீர்தான் காரணம்.

கிச்சடிக்கு வெள்ளையான மாவு ஜவ்வரிசியே ஏற்றது. கண்ணாடி போன்ற நைலான் ஜவ்வரிசியைப் பாயசத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கப் ஜவ்வரிசியை, தண்ணீர் தெளியும் வரை மூன்று நான்கு முறை மென்மையாகக் கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போகாவிட்டால், சூட்டில் அதுவே கூழாகி மணிகளை ஒட்டவைக்கும். பிறகு ஜவ்வரிசி மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு மூடுங்கள். நான்கைந்து மணி நேரத்தில் தண்ணீர் முழுதும் உள்ளே போயிருக்கும். பெரிய மணி என்றால் இன்னும் நேரமாகும்; கடிகாரத்தைவிட விரலையே நம்புங்கள். ஒரு மணியை நசுக்கினால் மாவாக மசிய வேண்டும். நடுவில் கடினமாக இருந்தால் சிறிது தண்ணீர் தெளித்து அரை மணி நேரம் விடுங்கள். ஈரம் மிகுந்திருந்தால் வடிகட்டி, துணியில் பரப்புங்கள்.

வறுத்துப் பொடித்த வேர்க்கடலை அரை கப், உப்பு இரண்டையும் அடுப்பேற்றும் முன்பே கலந்துவிடுங்கள். பொடி மிச்ச ஈரத்தை உறிஞ்சும். அகலமான வாணலியில் நெய், சீரகம், பச்சை மிளகாய், வெந்த உருளைக்கிழங்கு தாளித்து, மிதமான தீயில் ஜவ்வரிசியைச் சேர்த்து அடியிலிருந்து புரட்டுங்கள். வெள்ளை மறைந்து பளபளப்பு வந்ததும் இறக்குங்கள். அதற்கு மேல் கிளறினால் மணி உடைந்து பசையாகும்.

வாணலி பயமென்றால், ஊறியதில் ஒரு ஸ்பூன் எண்ணெய் பிசிறி, இட்லித் தட்டில் மெல்லிதாகப் பரப்பி ஆவியில் வேகவிடுங்கள். ஆறியபின் உதிர்த்துத் தாளிக்கலாம்.