பிளாஸ்மிடை இழந்த பாக்டீரியா ஏன் சாகிறது?

ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி பயன்படுத்தினால், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் பெருகும் என்று நாம் அறிவோம். அப்படியானால் மருந்தை நிறுத்தியதும் அந்தத் திறன் மெல்ல மறைந்துவிட வேண்டும் அல்லவா? பல நேரங்களில் மறைவதில்லை. அதற்கான காரணங்களில் ஒன்றை இங்கே பார்ப்போம்.

மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறிய டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் வளையம் இது. ஆம்பிசிலின், குளோராம்பெனிகால், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் R1 என்ற பிளாஸ்மிடை எடுத்துக்கொள்வோம். ஒரு செல்லில் இதன் பிரதிகள் மிகச் சிலவே இருக்கும். செல் இரண்டாகப் பிரியும்போது, எல்லாப் பிரதிகளும் ஒரு பக்கமே போய்விட்டால் மறு மகள் செல்லுக்கு ஒன்றும் கிடைக்காது. பிளாஸ்மிடைச் சுமக்கும் செலவு இல்லாததால், அந்தச் செல் மற்றவற்றைவிடச் சற்று வேகமாகவே வளர்ந்திருக்கக்கூடும். ஆனால் பெரும்பாலும் அது செத்துப்போகிறது.

1986-ல் கெர்டெஸ், ராஸ்முசன், மோலின் ஆகிய ஆய்வாளர்கள் இந்தச் சாவை விளக்கினார்கள். R1-ல் ஹாக், சாக் என இரு மரபணுக்கள் அருகருகே உள்ளன. ஹாக் என்பது சுமார் 50 அமினோ அமிலங்கள் கொண்ட நச்சுப் புரதம். செல்லின் உட்சவ்வைக் கெடுக்கும். சாக் புரதமே அல்ல, ஒரு சிறிய ஆர்.என்.ஏ. ஹாக் புரதத்தைத் தயாரிப்பதற்கான செய்தி ஆர்.என்.ஏ.வோடு அது ஒட்டிக்கொண்டு, நச்சு உருவாகாமல் தடுத்துவிடுகிறது.

சூட்சுமம் இவற்றின் ஆயுளில் இருக்கிறது. ஹாக்கின் செய்தி நெடுநேரம் அழியாமல் நிற்கும். சாக் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். பிளாஸ்மிட் உள்ள செல்லில் சாக் ஓயாமல் உற்பத்தியாவதால் பிரச்சினையில்லை. பிளாஸ்மிட் கிடைக்காத மகள் செல்லுக்கோ தாய்ச் செல்லிடமிருந்து இரண்டுமே வந்து சேர்கின்றன. புதிதாகச் செய்ய மரபணு மட்டும் இல்லை. சாக் சீக்கிரமே தீர்ந்துவிடும். எஞ்சிய செய்தியிலிருந்து நச்சு உருவாகி சவ்வு செயலிழக்கிறது, சுவாசம் நிற்கிறது. மைக்ரோஸ்கோப்பில் அந்தச் செல், நடுவில் வெளிறி, இரு முனைகளில் மட்டும் கருமையாகத் தெரியும். இவற்றுக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் 'பேய்ச் செல்கள்'!

இது நடக்கிறதா என்று சோதிக்கவும் வழி உண்டு. பிளாஸ்மிட் பிரதியெடுப்பதை மட்டும் நிறுத்திவிட்டு, பாக்டீரியாவை வளர விடுவார்கள். மருந்தில்லாத தட்டில் பரப்பி எண்ணினால், உயிருள்ள செல்கள் முதலில் பெருகும். கையிருப்பு ஒரு செல்லுக்கு ஒன்று என்றானதும் அந்த எண்ணிக்கை ஏறாமல் நின்றுவிடும். இந்த மரபணு ஜோடி இல்லாத பிளாஸ்மிடை வைத்துச் செய்தால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்.

இந்த ஏற்பாடு பிளாஸ்மிடைச் சமமாகப் பங்கிடுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த வேலைக்கு R1-ல் வேறொரு அமைப்பு இருக்கிறது. அது தவறவிடும் செல்களைத்தான் ஹாக் கொல்கிறது. அதிலும் சில தப்பிவிடுகின்றன. அதனால் மருந்து இல்லாத இடத்தில் பிளாஸ்மிட் அறவே மறையாது என்று சொல்ல முடியாது. மறைவது மிகவும் தாமதமாகிறது.