பில் பொருந்தினால் போதுமா?

ஏர்கோனை மாற்றினால் மின்சாரம் இவ்வளவு குறையும் என்று ஓர் அறிக்கை வந்து சேர்கிறது. கட்டடத்தைக் கணினியில் மாதிரியாக உருவாக்கி, 12 மாத டிஎன்பி பில்லோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், இரண்டும் நன்றாகப் பொருந்துவதாகவும் அதில் எழுதியிருக்கும். கோலா பிலா போன்ற ஊரில் அந்தப் பொருத்தம் சொல்வது மிகக் குறைவு. ஏன் என்பதைப் பார்ப்போம்.

கணக்கு மட்டுமே உண்மையாகிவிடாது என்பதற்கு மலேசியாவிலேயே பழைய சான்று இருக்கிறது. எரிசக்தி அமைச்சுக்காக 2004-இல் புத்ராஜெயாவில் எழுந்த லியோ கட்டடம், சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 100 யூனிட் (கிலோவாட்-மணி) செலவாகும் என்ற இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. குடியேறிய பின் மீட்டர் காட்டியது 114. இது நல்ல விளைவுதான். ஆனாலும் இலக்கிலிருந்து 14 விழுக்காடு விலகல். நன்றாகத் திட்டமிட்டு, கவனமாகக் கண்காணித்த கட்டடத்திலேயே இவ்வளவு என்றால், பழைய கட்டடத்துக்குச் செய்யும் கணிப்பை ஒற்றை எண்ணாகச் சொல்வது துணிச்சல்தான்.

மாதிரியை மீட்டரோடு ஒப்பிட உலகெங்கும் பயன்படுவது, அமெரிக்கப் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் 14-ஆம் வழிகாட்டி. மாதக் கணக்கில் அது இரண்டு எல்லைகளை வைக்கிறது. ஆண்டு மொத்தத்தில் மாதிரியின் சாய்வு 5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். மாதந்தோறும் வரும் ஏற்ற இறக்கத்தில் அதன் பிழை 15 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். நியூயார்க்கில் இது கடினமான தேர்வு. குளிர்காலத்தில் ஹீட்டர், கோடையில் ஏர்கோன் என்று பில் மலையும் பள்ளமுமாக இருப்பதால், அந்த வடிவத்தைப் பிடிக்காத மாதிரி தோற்றுவிடும். நெகிரி செம்பிலானில் மாதச் சராசரி வெப்பம் ஆண்டு முழுவதும் இரண்டு டிகிரிக்குள்தான் அசைகிறது. பில்லும் ஏறக்குறைய தட்டையாகவே ஓடும். அதை அசைப்பவை பள்ளி விடுமுறை, ஹரி ராயா, பில் எடுக்கும் தேதி மாறுவது போன்றவை. இங்கே கணினியே வேண்டாம். 12 மாதத்துக்கும் ஒரே சராசரி எண்ணை எழுதி வைத்தாலும் தேர்வில் தேறிவிடலாம்!

எண்களில் பார்ப்போம். கோலா பிலாவில் மூன்று மாடி அலுவலகம் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். பரப்பு 2,400 சதுர மீட்டர், ஆண்டுச் செலவு 3 லட்சம் யூனிட், மாத ஏற்ற இறக்கம் 6 விழுக்காடு. இரண்டு பொறியாளர்கள் தனித்தனியே மாதிரி செய்கிறார்கள். முதலாமவர், ஏர்கோனுக்கு 1,20,000 யூனிட், மிச்சம் விளக்கு, கணினி முதலியவற்றுக்கு என்று வைக்கிறார். ஏர்கோன் ஒரு யூனிட் மின்சாரத்தில் 3.2 யூனிட் வெப்பத்தை வெளியேற்றுவதாகவும் கொள்கிறார். இரண்டாமவர், கதவு ஜன்னல் வழியே சூடான காற்று நிறைய நுழைகிறது, ஏர்கோன் பழையது, அதன் செயல்திறன் 2.4 தான் என்று நினைக்கிறார். அவர் கணக்கில் ஏர்கோனின் பங்கு 1,80,000 யூனிட். மொத்தம் இருவருக்கும் அதே 3 லட்சம். பில் இருவரையும் தேர்வில் தேற்றிவிடும்.

இப்போது செயல்திறன் 4 உள்ள புதிய ஏர்கோனைப் போட்டுப் பாருங்கள். முதல் மாதிரி 24,000 யூனிட் மிச்சம் என்கிறது. இரண்டாவது மாதிரி 72,000 என்கிறது. மும்மடங்கு! இரண்டுமே மீட்டரோடு ‘பொருந்திய’ மாதிரிகள். அறியாத எண்கள் பல இருக்கும்போது, ஒரே பில்லை விளக்கப் பல வழிகள் உண்டு. அவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்து, அதன் மிச்சத்தை மட்டும் அச்சிட்டுக் கொடுப்பதுதான் சிக்கல்.

இதைப் பிரித்தறிய பில்லுக்குள் போக வேண்டும். பெரிய வாடிக்கையாளர்களின் டிஎன்பி மீட்டர் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. அந்த விவரத்தைக் கேட்டுப் பெறலாம். விடியற்காலை 3 மணிக்கும் ஞாயிற்றுக்கிழமையும் மீட்டர் காட்டும் அளவு, ஆள் இல்லாதபோது ஓடும் சாதனங்களைக் காட்டிக்கொடுக்கும். பிறகு ஏர்கோன் சுற்றுக்கு மட்டும் கிளாம்ப் மீட்டர் மாட்டி, விடுமுறையும் வேலை நாளும் கலந்த சில வாரங்கள் பதிவு செய்ய வேண்டும். ஏர்கோனின் செயல்திறனை, உள்ளே போகும் காற்றும் வெளிவரும் காற்றும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்து மதிப்பிடலாம். காற்றோட்டத்தை அளப்பது கடினமாதலால் இந்த எண் துல்லியமாக வராது. வானிலையையும் அந்த ஆண்டின் உண்மையான வானிலையாகவே கொடுக்க வேண்டும். மலேசியாவில் வழக்கமாகப் பயன்படும் சுபாங் மாதிரி ஆண்டுக் கோப்பு 1975 முதல் 1995 வரையிலான பதிவுகளிலிருந்து தொகுத்தது. வடிவமைக்க அது சரி. சென்ற ஆண்டு பில்லோடு ஒப்பிட அது பொருந்தாது.

அளந்து பார்த்ததில் ஏர்கோனின் பங்கு 1,44,000 முதல் 1,62,000 யூனிட், செயல்திறன் 2.6 முதல் 3 என்று சுருங்கியதாகக் கொள்வோம். இரண்டின் ஓரங்களையும் வைத்துக் கணக்கிட்டால் மிச்சம் 36,000 முதல் 57,000 யூனிட் வரை வரும், நடுவில் 46,000. அறிக்கையில் வர வேண்டியது இந்த வரம்பும், அது எந்த இரண்டு எண்களிலிருந்து வந்தது என்ற விளக்கமும். கவனமாகச் செய்பவர்கள் ஓரங்களோடு நிற்காமல், அறியாத எண்களை ஆயிரக்கணக்கான முறை மாற்றி மாற்றி ஓட்டி, மீட்டரோடு பொருந்தும் மாதிரிகளை எல்லாம் சேர்த்து வைத்து, அவை சொல்லும் மிச்சங்களின் பரவலைக் காட்டுவார்கள். எனர்ஜிபிளஸ் போன்ற இலவச மென்பொருளிலேயே இதைச் செய்யலாம். ‘46,327 யூனிட் மிச்சம்’ என்று கடைசி இலக்கம் வரை எழுதிய அறிக்கையைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் அதிகமாகிறது.

இதில் மனிதரும் ஓர் அறியாத எண். புதிய ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறது என்று 24 டிகிரியை 22 ஆக்கிவிடுவார்கள். மிச்சத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். மாதிரியில் இதற்கு ஒரு வரி இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

புதிய ஏர்கோனைப் பொருத்திய பிறகு மிச்சம் வந்ததா என்று சரிபார்க்கும் கட்டம் வேறு. வழிகாட்டி 14 அதற்கு ஒரு சூத்திரம் தருகிறது. அது பில்லிலிருந்து நேராக எடுக்கும் அடிப்படைக் கோட்டுக்கானது. தோராயமாகவே கொள்ள வேண்டும். நம் அலுவலகத்தில் எதிர்பார்க்கும் மிச்சம் 15 விழுக்காடு, பில்லின் இயல்பான ஏற்ற இறக்கம் 6. முந்தைய ஓராண்டையும் பிந்தைய ஓராண்டையும் ஒப்பிட்டால், 90 விழுக்காட்டு நம்பிக்கையில் மிச்சத்தின் நிச்சயமின்மை சுமார் 28 விழுக்காடு. அதாவது 46,000 என்று கண்டாலும் உண்மை 33,000 முதல் 59,000 வரை எங்கும் இருக்கலாம். விளக்கை மட்டும் மாற்றி 4 விழுக்காடு மிச்சம் எதிர்பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். 68 விழுக்காட்டு நம்பிக்கையிலேயே நிச்சயமின்மை மிச்சத்தின் பாதியைத் தாண்டிவிடும். வழிகாட்டி அந்தப் பாதியைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட மிச்சத்தை மாத பில்லைக் காட்டி நிரூபிக்கவே முடியாது.

ஏர்கோன் சுற்றுக்கு மாட்டிய மீட்டர் அங்கேயே இருந்தால் கணக்கு மாறும். அந்தச் சுற்றில் மிச்சம் 15 அல்ல, 30 விழுக்காடு. சுற்றின் ஏற்ற இறக்கம் 8 விழுக்காடாக இருந்தாலும் நிச்சயமின்மை 19 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருந்தாலும், அலுவலகக் கட்டடங்களில் அது 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ளவற்றையே தொடுகிறது. நம் அலுவலகம் போன்றவற்றுக்கு இந்த மீட்டரை யாரும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஒப்பந்தம் போடுபவர்தான் கேட்டு வாங்க வேண்டும். பழைய ஏர்கோனைக் கழற்றுவதற்கு முன்பே மீட்டர் ஓடத் தொடங்கியிருந்தால்தான் ஒப்பிட ஏதாவது இருக்கும்.